வீட்டு அழகுப் பொருள் தொழிலுக்கு டிரேட்மார்க்: லேபிள் அச்சடிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

நலங்கு மாவு, செம்பருத்தி எண்ணெய், பீட்ரூட் லிப் பாம் என்று வீட்டிலிருந்தே விற்கத் தொடங்குகிறவர்களில் பலருக்குப் பெயரைப் பதிவு செய்யும் நினைப்பு வருவது, அதே பெயரில் இன்னொருவர் விற்பதைப் பார்த்த பிறகுதான். அதற்குள் லேபிள், டப்பா, இன்ஸ்டாகிராம் பக்கம், வாடிக்கையாளரின் பழக்கம் எல்லாம் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் பெயரை மாற்றுவதும் கஷ்டம், வைத்துக்கொண்டு போராடுவதும் கஷ்டம்.

இந்தியாவில் டிரேட்மார்க் விண்ணப்பம் ஒரே ஒரு படிவம்தான். அதை நிரப்ப ஒரு மணி நேரம் போதும். ஆனால் அந்தப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பு எடுக்கும் நான்கு முடிவுகள்தான் பதிவு கிடைக்குமா, கிடைத்தாலும் உதவுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. எந்தப் பெயர், யார் பேரில், எந்தப் பொருள் அல்லது சேவை வகுப்பில், எந்தத் தேதியிலிருந்து என்பவை அவை. இந்த வழிகாட்டியில் அதிக இடம் அவற்றுக்கே.

விளக்குவதற்காக ஒரு தொழிலைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பகோணத்தில் ஒரு பெண். நலங்கு மாவும் கூந்தல் எண்ணெயும் செய்து விற்கிறார். முகூர்த்த நாட்களில் மணப்பெண் அலங்காரத்துக்கும் போகிறார். இப்போது சென்னையில் ஒரு கடைக்காரர் மொத்தமாகக் கேட்கிறார். 5,000 லேபிள் அச்சடிக்க வேண்டும். அதற்கு முன் பெயரை உறுதி செய்துகொள்ள நினைக்கிறார்.

பதிவு எதைத் தருகிறது, எதைத் தராது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உத்யம் சான்றிதழ், ஜிஎஸ்டி எண், வங்கியில் தொழில் பேரில் நடப்புக் கணக்கு, வலைத்தள முகவரி, இன்ஸ்டாகிராம் பெயர் ஆகிய எதுவும் பெயர்மீது டிரேட்மார்க் உரிமை தராது. நிறுவனமாகவே பதிவு செய்து அதே பெயரை வாங்கியிருந்தாலும், அந்தப் பெயரைச் சோப்பிலோ எண்ணெயிலோ வேறொருவர் போடுவதை அந்தப் பதிவு மட்டும் தடுத்துவிடாது. பொருளின்மேல் இருக்கும் பெயருக்கான உரிமை 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டத்திலிருந்து வருகிறது. நடைமுறைகள் 2017ஆம் ஆண்டு விதிகளில் இருக்கின்றன.

அதேபோல், டிரேட்மார்க் கிடைத்தால் பொருள் செய்து விற்க அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. சோப்பு, கிரீம், கூந்தல் எண்ணெய் போன்றவற்றைத் தயாரித்து விற்க, அழகுசாதனப் பொருள் விதிகள் 2020இன்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வேண்டும். சொந்த இடத்தில் அந்த வசதி செய்ய முடியாதவர்கள், உரிமம் உள்ள தயாரிப்புக் கூடத்தில் செய்துவாங்கும் லோன் லைசென்ஸ் வழியைப் பார்க்கலாம். டிரேட்மார்க் அலுவலகம் இந்த உரிமத்தைக் கேட்காது. ஆனால் நாளைக்கு உங்கள் பெயரை எதிர்த்து ஒருவர் வந்தால், உரிமம் இல்லாமல் விற்ற காலத்து பில்லை அவர் கேள்வி கேட்பார். அதனால் இரண்டு வேலையையும் சேர்த்தே தொடங்குவது நல்லது.

பெயர்: இங்கேதான் பாதி விண்ணப்பங்களின் தலையெழுத்து

நம் கும்பகோணத்துப் பெண்ணுக்கு முதலில் தோன்றிய பெயர் "இயற்கை அழகு". கேட்டவுடன் புரிகிறது, வாடிக்கையாளருக்கும் பிடிக்கிறது. ஆனால் புரிவதுதான் இங்கே சிக்கல். பொருளின் தன்மை, தரம், பயன், ஊர் ஆகியவற்றை நேரடியாகச் சொல்லும் சொற்களைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடுக்கிறது. அழகுப் பொருள் விற்கும் எல்லோருக்கும் "இயற்கை"யும் "அழகு"ம் வேண்டும். ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்க முடியாது. "ஹெர்பல் க்ளோ", "பியூர் ஸ்கின்", "கும்பகோணம் குளியல் பொடி" எல்லாவற்றுக்கும் இதே கதிதான். "நலங்கு மாவு" பொருளின் பெயரே என்பதால் அது யாருக்கும் சொந்தமாகாது.

அடுத்ததாக அவர் யோசிப்பது கடவுள் பெயர். இதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரைப் பதிவு செய்யக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை அப்படியே ஒருவர் தனக்கென்று உரிமை கொண்டாட முடியாது என்று 2015இல் நீதிமன்றம் சொன்னது. ஊதுபத்தியும் அழகுசாதனப் பொருட்களும் ஒரே வகுப்பில் வருபவை என்பதால் இந்தத் தீர்ப்பு நமக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. சாமி பெயரில் பொருள் விற்கக் கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தப் பெயரை வைத்து மற்றவரைத் தடுப்பது மிகவும் கடினம், அவ்வளவுதான்.

மூன்றாவது, மகளின் பெயர். இது தடை செய்யப்பட்டதல்ல. ஆனால் பரவலான பெண் பெயர்கள் பலவீனமான டிரேட்மார்க்குகள். கர்நாடகத்தின் "நந்தினி" பால் பெயருக்கும் "நந்தினி டீலக்ஸ்" உணவகத்துக்கும் இடையே நடந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2018இல் உணவகத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நந்தினி என்பது தெய்வத்தின் பெயர், பசுவின் பெயர், புதிதாக உருவாக்கிய சொல் அல்ல என்பதும் அங்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. பாலுக்கு அவ்வளவு பெயர் பெற்றிருந்தும் அந்தச் சொல்லை எல்லா இடத்திலும் தனதாக்கிக்கொள்ள முடியவில்லை. மகள் பெயர்தான் வேண்டும் என்றால், அதோடு இன்னொரு சொல்லைச் சேர்த்துப் புதிய சொல்லாக்குவது மேல்.

எப்படிப்பட்ட பெயர் வலுவாக நிற்கும்? பொருளோடு நேரடித் தொடர்பில்லாத சொல், அல்லது நீங்களே உருவாக்கிய சொல். எடுத்துக்காட்டுக்கு "விளரி" என்று வைத்துக்கொள்வோம். பழந்தமிழ் இசையின் ஏழு சுரங்களில் ஒன்று. கேட்க இனிமையாக இருக்கிறது, எண்ணெய்க்கும் பொடிக்கும் சம்பந்தமே இல்லை. சம்பந்தம் இல்லாததுதான் இங்கே பலம். வாடிக்கையாளருக்குப் பொருள் என்னவென்று சொல்ல வேண்டுமே என்ற கவலை வேண்டாம். லேபிளில் பெயருக்குக் கீழே "நலங்கு மாவு" என்று சின்னதாகப் போட்டால் போதும். (விளரி என்ற பெயர் காலியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. விளக்கத்துக்காக எடுத்த சொல் இது.)

தேடல்: எழுத்தைவிட ஒலியைத் தேடுங்கள்

பெயரை முடிவு செய்ததும் ipindia.gov.in தளத்தில் இருக்கும் பொதுத் தேடல் பக்கத்துக்குப் போங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. Wordmark, Phonetic, Vienna Code என்று மூன்று வகைத் தேடல் இருக்கும். கடைசியது லோகோவில் உள்ள படங்களுக்கானது. முதல் இரண்டும் நமக்கு முக்கியம்.

Wordmark தேடலில் Start With, Contains, Match With என்று தேர்வுகள் வரும். பலர் Match With போட்டு, ஒன்றும் வரவில்லை என்று மகிழ்ந்து முடித்துவிடுகிறார்கள். அது தேடலே அல்ல. Contains போட்டுப் பாருங்கள், முழுச் சொல்லை மட்டுமல்லாமல் அதன் துண்டையும் கொடுத்துப் பாருங்கள். விளரிக்கு vilari, vilar, ilari என்று குறைத்துக்கொண்டே வரலாம். முதலில் அழகுசாதனப் பொருட்களுக்கான வகுப்பு 3இல். பிறகு 5, 35, 44. இவை எதற்கானவை என்பது கீழே.

தமிழ்ப் பெயருக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ல, ள, ழ மூன்றையும் ஆங்கிலத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி எழுதுகிறார்கள். த-வுக்கு th, t, d. வ-வுக்கு v, w. அதனால் ஒரே பெயர் நான்கைந்து எழுத்துக்கூட்டலில் பதிவாகியிருக்கும். இப்படி ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்:

```
vilari
vilary
villari
velari
wilari
vizhari
```

ஏன் இவ்வளவு பாடு? டிரேட்மார்க் அலுவலக ஆய்வாளரும் நீதிமன்றமும் பார்ப்பது எழுத்து ஒற்றுமையை மட்டுமல்ல. சராசரி வாடிக்கையாளர், அரைகுறை நினைவோடு, கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் குழம்புவாரா என்பதே அளவுகோல். "அம்ரித்தாரா", "லக்ஷ்மண்தாரா" என்ற இரண்டு மருந்துப் பெயர்களைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இலேயே இந்த அளவுகோலைக் கையாண்டது. முன்பகுதி வேறாக இருந்தாலும், மொத்தமாகக் கேட்கும்போது இரண்டும் குழப்பும் என்று முடிவு செய்தது. ஆகவே "விளரி ஹெர்பல்ஸ்", "ஸ்ரீ விளரி" என்று முன்னும் பின்னும் ஒட்டுப் போட்டால் தப்பித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

தேடலில் வந்ததைப் படிப்பதும் ஒரு கலை. நம் பெண்ணுக்கு Velari என்று வகுப்பு 3இல் சோப்புக்கு ஒன்று வந்தது என்று கொள்வோம். நிலை Registered என்றிருந்தால், பெயரை மாற்றுவதே என் ஆலோசனை. Objected அல்லது Opposed என்றிருந்தாலும் அது உயிரோடிருக்கும் விண்ணப்பம். உங்களுக்கு முந்தையது என்பதால் உங்கள் வழியில் நிற்கும். Abandoned, Refused, Removed என்றிருந்தால் பதிவுக்குத் தடை குறைவு. ஆனாலும் அவர் பதிவைக் கைவிட்டுவிட்டு விற்பனையைத் தொடரலாம். அதனால் அமேசான், நைகா, மீஷோ, இன்ஸ்டாகிராம், கூகுள் எல்லாவற்றிலும் அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

பதிவே செய்யாதவருக்குப் பயப்பட வேண்டுமா? வேண்டும். இந்தியச் சட்டத்தில் முதலில் பதிந்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்கு வலு அதிகம். இதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கில் இரண்டு தரப்பிடமும் பதிவு இருந்தது. வெகுகாலமாகப் பெயரைப் பயன்படுத்தி வந்தவரின் உரிமையே மேலானது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதே விதி உங்களுக்குச் சாதகமாகவும் வேலை செய்யும், நீங்கள் முதலில் பயன்படுத்தியதைக் காட்ட முடிந்தால். அதற்குத்தான் பில்களைச் சேர்த்து வைக்க வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிக் கீழே.

எந்த வகுப்பு

பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கட்டணம் ஒவ்வொரு வகுப்புக்கும் தனி. அதனால் அவசரப்பட்டு நாலைந்தில் போட வேண்டாம்.

வகுப்பு 3: சோப்பு, கூந்தல் எண்ணெய், ஷாம்பு, குளியல் பொடி, கிரீம், லிப் பாம், வாசனைப் பொருட்கள். மருந்துத் தன்மை இல்லாதவை. பொருள் செய்து விற்கும் எல்லோருக்கும் இதுதான் முதல் வகுப்பு.

வகுப்பு 44: பார்லர், மணப்பெண் அலங்காரம், முடி, சருமப் பராமரிப்புச் சேவைகள். நீங்கள் வெறும் மேக்கப் கலைஞர் என்றால் உங்களுக்கு 44தான் முதலில் வேண்டும், 3 இல்லை. பலர் இதை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள்.

அழகுக்கலை வகுப்பு நடத்திக் கட்டணம் வாங்கினால் 41. மற்றவர்களின் பொருட்களையும் சேர்த்து விற்கும் கடை நடத்தினால் 35. உங்கள் சொந்தப் பொருளை நீங்களே விற்பதற்கு 35 தேவையில்லை.

வகுப்பு 5 பற்றி ஒரு எச்சரிக்கை. அது மருந்துப் பொருட்களுக்கானது. "பொடுகைக் குணப்படுத்தும்", "சொரியாசிஸ் தீரும்" என்று லேபிளில் எழுதினால் பொருள் மருந்தாகப் பார்க்கப்படும், உரிமமும் வேறு. வகுப்பு 3இல் பெயரைப் பதிந்துவிட்டு மருந்து போல விளம்பரம் செய்தால் இரண்டு பக்கமும் சிக்கல்.

நம் பெண்ணுக்கு 3, 44 என இரண்டு வகுப்பு. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் போட விதி அனுமதிக்கிறது. ஆனால் நான் தனித்தனியாகப் போடவே சொல்வேன். கட்டணம் ஒன்றுதான், குறையாது. ஒன்றாகப் போட்டால், ஒரு வகுப்பில் ஆட்சேபமோ எதிர்ப்போ வந்தால் மற்றதும் சேர்ந்து தேங்கி நிற்கும்.

பொருள் விவரத்தை எழுதும்போது இன்று செய்வதையும், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உண்மையிலேயே செய்யப் போவதையும் எழுதுங்கள். உதாரணமாக:

```
Hair oil; bath powder, not for medical purposes; soaps; lip balm; shampoo
```

விண்ணப்பம் போட்ட பிறகு இந்தப் பட்டியலைக் குறைக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. அதற்காக வகுப்பு 3இல் உள்ள எல்லாவற்றையும் அள்ளிப் போட்டால், சம்பந்தமே இல்லாத நிறுவனங்களோடு மோத நேரிடும்.

சொல்லா, லோகோவா

கையில் பணம் ஒன்றுக்கு மட்டும்தான் என்றால், சொல்லை மட்டும் பதியுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தில் VILARI என்ற சொல்லாகப் பதிந்தால், நீங்கள் எந்த எழுத்துருவில், எந்த வண்ணத்தில் எழுதினாலும் பாதுகாப்பு கிடைக்கும். ஒலி ஒற்றுமையும் பார்க்கப்படுவதால், வேறொருவர் தமிழில் விளரி என்று போட்டாலும் அதைக் காட்டி எதிர்க்கலாம். லோகோவாக மட்டும் பதிந்தால், ஆறு மாதம் கழித்து லோகோவை மாற்றும்போது பழைய பதிவின் பயன் குறைந்துவிடும்.

லோகோவும் பதிவதென்றால் கருப்பு வெள்ளையில் கொடுங்கள். வண்ணத்தை வரையறுக்காமல் பதிந்த குறி எல்லா வண்ணத்துக்கும் செல்லும் என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. லோகோவில் தமிழ் எழுத்து இருந்தால், அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதி, எந்த மொழி என்றும் குறிப்பிட வேண்டும்.

அப்புறம், லோகோ வரைந்து கொடுத்தவரிடமிருந்து "இதன் பதிப்புரிமை முழுவதையும் இன்னாருக்கு மாற்றித் தருகிறேன்" என்று கையெழுத்திட்ட ஒரு தாள் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. இணையத்தில் கிடைக்கும் ஆயத்த வடிவத்தை எடுத்து லோகோ செய்திருந்தால் அதைப் பதியவே வேண்டாம். அதே பூ, அதே பெண் முகம் நூறு பேரிடம் இருக்கும்.

யார் பேரில்

தனியாக நடத்தும் தொழில் என்றால் உங்கள் சொந்தப் பேரில். ஆதாரில் உள்ளபடி பெயர், அதற்குப் பிறகு தொழிலின் பெயர். ஜிஎஸ்டி கணவர் பேரில் இருக்கிறது, விண்ணப்பம் மனைவி பேரில், பில் தங்கை பேரில் என்று கலந்திருந்தால், பின்னால் பயன்பாட்டை நிரூபிக்கும்போது ஒன்றோடொன்று பொருந்தாது. யார் பேரில் தொழில் ஓடுகிறதோ அவர் பேரிலேயே பெயரும் இருக்கட்டும். தோழியோடு சேர்ந்து நடத்தினால் கூட்டுத் தொழில் ஒப்பந்தம் எழுதி, பங்குதாரர்கள் எல்லோர் பெயரையும் போடுங்கள். பிரிந்த பிறகு பெயர் யாருக்கு என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

எந்தத் தேதியிலிருந்து

படிவத்தில் ஒரு கட்டம் கேட்கும்: இந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள்? இன்னும் விற்கத் தொடங்கவில்லை என்றால் Proposed to be used என்று தேர்ந்தெடுக்கலாம். ஏற்கெனவே விற்றிருந்தால் முதல் பயன்பாட்டுத் தேதியைக் கொடுத்து, அதற்கு ஒரு அஃபிடவிட்டும் ஆதாரங்களும் இணைக்க வேண்டும். அஃபிடவிட்டை முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் சான்று வாங்க வேண்டும்.

ஆதாரம் என்றால் எது? பெயர், பொருள், தேதி மூன்றும் ஒரே தாளில் அல்லது ஒரே திரையில் தெரிய வேண்டும். யுபிஐயில் 350 ரூபாய் வந்ததற்கான படம் மட்டும் பயன்படாது, அதில் பெயரும் இல்லை, பொருளும் இல்லை. தேதியோடு கூடிய இன்ஸ்டாகிராம் பதிவில் லேபிள் தெளிவாகத் தெரிந்தால் அது நல்ல ஆதாரம். தொழில் பெயர் அச்சிட்ட பில், லேபிள் அச்சகத்தின் ரசீது, கண்காட்சியில் ஸ்டால் போட்டதற்கான ரசீது ஆகியவையும் நல்லவை.

நம் பெண்ணின் கதையில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அவர் 2022 ஜனவரியிலிருந்தே மணப்பெண் அலங்காரத்துக்கு இந்தப் பெயரைப் பயன்படுத்தி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் விற்றதோ 2023 ஆகஸ்டிலிருந்து. அப்படியென்றால் வகுப்பு 44க்கு ஒரு தேதி, வகுப்பு 3க்கு வேறு தேதி. பழைய தேதியே நல்லது என்று இரண்டுக்கும் 2022 போட்டால், வகுப்பு 3க்கான ஆதாரம் எதுவும் அந்தத் தேதியோடு ஒத்துப்போகாது. பொய்த் தேதி பின்னாளில் எதிர்ப்பு வழக்கில் முழுப் பதிவையும் ஆட்டம் காண வைக்கும். ஆதாரம் எந்த நாளைக் காட்டுகிறதோ அந்த நாள்தான் உங்கள் தேதி.

விண்ணப்பம் போடும் நாள்

படிவத்தின் பெயர் TM-A. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு தொழில் ஆகியோருக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். நேரில் கொடுத்தால் 5,000. மற்ற நிறுவனங்களுக்கு ஆன்லைனில் 9,000, நேரில் 10,000. தனி உரிமையாளராகச் சொந்தப் பேரில் போடும்போது குறைந்த கட்டணம் பொருந்தும். நிறுவனமாகவோ கூட்டுத் தொழிலாகவோ இருந்தால், அந்தச் சலுகைக்கு உத்யம் போன்ற சான்றிதழ் இணைக்க வேண்டும். நம் பெண்ணின் இரண்டு விண்ணப்பத்துக்கும் சேர்த்து அரசுக் கட்டணம் 9,000 ரூபாய்.

ஆன்லைனில் நீங்களே போட டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். ஏஜென்ட் அல்லது வழக்கறிஞர் மூலம் போட்டால் அவர் தன் கையொப்பத்தில் போடுவார். நீங்கள் அவருக்கு அதிகாரம் தரும் படிவத்தில் கையெழுத்திடுவீர்கள். தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகத்தின் எல்லைக்குள் வரும்.

ஏஜென்ட் வைத்தால் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: சமர்ப்பிப்பதற்கு முன் படிவத்தின் நகல், சமர்ப்பித்த பின் அரசு ரசீது, விண்ணப்ப எண். உரிமையாளர் இடத்தில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா, வகுப்பு சரியா, தேதி சரியா என்று நீங்களே படித்துப் பாருங்கள். சமர்ப்பித்த பிறகு சொல்லை மாற்றவோ, உரிமையாளரை முழுசாக மாற்றவோ முடியாது. சில்லறைத் திருத்தம் மட்டுமே முடியும்.

ரசீது கிடைத்த நாளிலிருந்து, ஏன் அதற்கு முன்பேகூட, பெயருக்குப் பக்கத்தில் ™ போடலாம். ஆனால் பதிவுச் சான்றிதழ் வரும்வரை ® போடக் கூடாது. பதிவாகாத குறியைப் பதிவானதாகக் காட்டுவது 107ஆம் பிரிவின்படி குற்றம். 5,000 லேபிளிலும் அச்சாகிவிட்டால் அழிக்க முடியாது, அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போதே கவனியுங்கள்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும்

விண்ணப்ப எண்ணை வைத்துத் தளத்தில் நிலையைப் பார்க்கலாம். மாதம் இருமுறையாவது பாருங்கள். ஏஜென்ட் சொல்வார் என்று விட்டுவிட வேண்டாம். அவர் மின்னஞ்சலுக்கு வந்த கடிதத்தை அவர் கவனிக்காமல் போனாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

சில நாட்களில் Formalities Chk Pass, பிறகு Marked for Exam என்று வரும். பிறகு ஆய்வு அறிக்கை. Objected என்று பார்த்தவுடன் பதறாதீர்கள். அது ஆய்வாளர் எழுப்பும் கேள்வி. நிராகரிப்பு அல்ல. அறிக்கை கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படலாம்.

ஆட்சேபம் பெரும்பாலும் இரண்டு வகைதான். 9ஆம் பிரிவு: பெயர் பொருளை விவரிக்கிறது. 11ஆம் பிரிவு: முன்பே இருக்கும் இன்னொரு பெயரைப் போல இருக்கிறது. முதலாவது வந்தால், சொல்லுக்கும் பொருளுக்கும் நேரடித் தொடர்பில்லை என்று விளக்கலாம், அல்லது நீண்ட பயன்பாட்டால் மக்கள் அதை உங்கள் பெயராகவே அறிகிறார்கள் என்று ஆதாரம் காட்டலாம். "இயற்கை அழகு" போன்ற பெயருக்கு இரண்டாவது வழிதான் மிஞ்சும். சிறு தொழிலுக்கு அந்த அளவு ஆதாரம் திரட்டுவது பெரும்பாடு.

11ஆம் பிரிவு வந்தால், அறிக்கையில் எந்தெந்தப் பெயர்களைக் காட்டியிருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றையும் எடுத்துப் பாருங்கள். ஒன்று ஏற்கெனவே கைவிடப்பட்டதாக இருக்கலாம். இன்னொன்று பாத்திரம் தேய்க்கும் பொடிக்கானதாக இருக்கலாம். மூன்றாவதின் உரிமையாளர் உங்களுக்குப் பிறகு பயன்படுத்தத் தொடங்கியிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, ஆதாரத்தோடு பதில் சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். தப்பிக்கும் அவசரத்தில் "அந்தப் பெயரும் எங்கள் பெயரும் முற்றிலும் வேறு, யாரும் குழம்ப மாட்டார்கள்" என்று எழுதிவிட்டால், பின்னாளில் அதே ஆள்மீது நீங்களே வழக்குப் போடும்போது இந்தப் பதிலை எடுத்து நீட்டுவார்கள்.

பதில் போதவில்லை என்றால் விசாரணைக்கு நாள் கொடுப்பார்கள். இப்போது அது வீடியோ மூலம் நடக்கிறது. அதில் கலந்துகொள்ளாமல் விடுவதுதான் பல விண்ணப்பங்கள் வீணாகும் இடம்.

ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள். அன்றிலிருந்து நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். இதற்குத்தான் Opposed என்ற நிலை. Objected என்பது ஆய்வாளருடைய கேள்வி, Opposed என்பது வெளியார் தொடுக்கும் வழக்கு. எதிர்ப்பின் நகல் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் பதில் அறிக்கை கொடுக்காவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும், மன்னிப்புக்கு இடமில்லை. அதுவரை நீங்களே பார்த்துக்கொண்டிருந்தாலும் இந்தக் கட்டத்தில் வழக்கறிஞரிடம் போங்கள்.

இந்த இடைக்காலத்தில் மின்னஞ்சலிலோ தபாலிலோ "உங்கள் குறியை வெளியிட இவ்வளவு கட்டுங்கள்", "சான்றிதழுக்குக் கட்டணம்" என்று கடிதம் வரலாம். வெளியீட்டுக்கும் சான்றிதழுக்கும் தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. உங்கள் பெயரும் முகவரியும் தளத்தில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஏமாற்றுக்காரர்கள் அங்கிருந்து எடுத்து எழுதுகிறார்கள். தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்த்து, அங்கே இல்லாத எந்தக் கோரிக்கைக்கும் பணம் கட்டாதீர்கள்.

எதிர்ப்பு வராவிட்டால் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும். பதிவு சான்றிதழ் வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்தே செல்லும். 5,000 லேபிள் அச்சடிப்பதற்கு முன் விண்ணப்பம் போடச் சொல்வது இதனால்தான். பெயரைச் சரியாகத் தேடி, விண்ணப்ப எண் கையில் வந்துவிட்டால், சான்றிதழுக்காகத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

கையில் வந்த பிறகு

பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். பிறகு ஒவ்வொரு பத்தாண்டுக்கும் TM-R படிவத்தில் புதுப்பிக்கலாம். ஆன்லைன் கட்டணம் வகுப்புக்கு 9,000 ரூபாய். காலாவதிக்கு முன்பான ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு ஆறு மாத அவகாசம் உண்டு.

பதிவு செய்துவிட்டுப் பெயரைப் பயன்படுத்தாமல் ஐந்தாண்டுக்கு மேல் விட்டால், இன்னொருவர் கேட்டு அதை நீக்க வைக்க முடியும். நம் பெண் அலங்கார வேலையை நிறுத்திவிட்டு எண்ணெயை மட்டும் தொடர்ந்தால், வகுப்பு 44 பதிவுக்கு இந்த ஆபத்து உண்டு.

யாராவது பெயரைப் போலியாகப் போட்டால் உடனே சண்டைக்குப் போகாமல், முதலில் அவர் பக்கத்தின் படங்கள், விலை, தேதி எல்லாவற்றையும் சேமியுங்கள். முடிந்தால் ஒரு பொருளை வாங்கி பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்டாகிராம், அமேசான் போன்ற தளங்களில் டிரேட்மார்க் புகார்ப் படிவம் இருக்கிறது. பதிவு எண்ணைக் கொடுத்துப் புகார் தரலாம். அதில் தீராவிட்டால் வழக்கறிஞர் நோட்டீஸ். பிறகும் நிற்காவிட்டால், பதிவு வைத்திருப்பவர் தான் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 134ஆம் பிரிவு இடம் தருகிறது. எதிராளி டெல்லியில் இருந்தாலும் கும்பகோணத்துக்காரர் டெல்லிக்கு ஓட வேண்டியதில்லை.

நாளை தொழில் பெரிதாகி பிரைவேட் லிமிடெட் ஆக்கினால், டிரேட்மார்க் தானாக அதற்குப் போய்விடாது. உங்களிடமிருந்து நிறுவனத்துக்கு மாற்றும் பத்திரம் எழுதி, அதை அலுவலகத்தில் TM-P படிவத்தில் பதிய வேண்டும். முதலீட்டாளர் முதலில் கேட்கும் தாள்களில் இதுவும் ஒன்று என்பதால், நிறுவனம் தொடங்கிய அதே மாதத்தில் இந்த மாற்றத்தையும் செய்துவிடுங்கள்.